கோ-வொர்க்கிங் மெம்பர்ஷிப்பா, ஆபீஸ் லீஸா? கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்



கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஒரு கோ-வொர்க்கிங் இடத்தில் சீட் எடுக்கலாமா, இல்லை மத்தூர் மெயின் ரோட்டில் ஒரு மாடி ரூமை வாடகைக்குப் பிடித்து நாமே ஆபீஸ் போடலாமா? போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் பக்கம் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே சொந்தமா ஏதாவது தொடங்க நினைக்கிறவங்களும், பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யறவங்களும் இப்போ யோசிக்கிற விஷயம் இது.

நிறைய பேர் இதை மாத வாடகையை மட்டும் வைத்து முடிவு பண்றாங்க. சீட்டுக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு, எது கம்மி? அந்த ஒப்பீடு பாதிதான். இரண்டு பேப்பரும் வித்தியாசப்படுவது நீங்கள் உள்ளே போகும் நாளில் இல்லை. நீங்களாகவே வெளியே வர நினைக்கும் நாளிலும், அவங்க உங்களை வெளியே போகச் சொல்லும் நாளிலும்தான் வித்தியாசம் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் மூன்று விஷயங்களை மட்டும் பார்ப்போம்: அந்த இடம் உங்களுக்கு மட்டுமே சொந்தமான பயன்பாடா, நோட்டீஸ் எப்படி, அட்வான்ஸ் எப்படித் திரும்பி வரும். கடைசியில் ஒரு கணக்கும் போட்டுவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் "லீஸ்"னு சொன்னா, ஐந்து லட்சம் பத்து லட்சம்னு மொத்தமா கொடுத்துட்டு மாத வாடகை இல்லாம வீட்டில் இருப்பது என்றுதான் முதலில் தோன்றும். இங்கே நான் சொல்வது அது இல்லை. சட்டத்தில் லீஸ் என்றால் குத்தகை உரிமை. மாதாமாதம் வாடகை கொடுத்து இருக்கிற சாதாரண வாடகை ஒப்பந்தமும் சட்டப்படி லீஸ்தான்.

1. சாவி யார் கையில்?

மற்ற இரண்டு விஷயங்களும் இதிலிருந்துதான் வருகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 105-ஆவது பிரிவு லீஸ் என்றால் என்ன என்று சொல்கிறது. அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையே உங்கள் கைக்கு மாறுகிறது. உரிமையாளர் உரிமையாளராகவே இருப்பார். ஆனா ஒப்பந்தம் இருக்கும் வரை அந்த நாலு சுவருக்குள் நீங்கதான். உங்களைக் கேட்காமல் அவர் உள்ளே வந்து மேஜையை நகர்த்த முடியாது.

அதே 1882-இல் வந்த இந்திய ஈஸ்மென்ட்ஸ் சட்டத்தின் 52-ஆவது பிரிவு லைசென்ஸ் பற்றியது. இதில் சொத்தில் எந்த உரிமையும் உங்களுக்கு மாறுவதில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் தப்பாகிவிடும் ஒரு இடத்துக்குள் வந்து வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். சினிமா டிக்கெட் மாதிரி. சீட் நம்பர் உங்களுடையது, சீட் உங்களுடையது இல்லை.

கோ-வொர்க்கிங் மெம்பர்ஷிப் ஒப்பந்தங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டாவது வகையில் நிற்கும்படிதான் எழுதப்படுகின்றன. உலக அளவில் பழைய பெயரான ரீஜஸ் தன் ஒப்பந்த விதிகளில் இதை மறைக்காமலே சொல்கிறது: இது ஹோட்டலில் அறை எடுப்பதற்குச் சமமான வணிக ஒப்பந்தம், மொத்த இடமும் எங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கும், வாடகைதாரர் உரிமை எதுவும் உங்களுக்கு உருவாகாது. மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் வேறு வார்த்தைகளில் இதே வரி இருக்கும். உங்க பேப்பரில் "வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உறவு இல்லை" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்க. பெரும்பாலும் இருக்கும்.

சரி, பேப்பரில் "லைசென்ஸ்" என்று எழுதிவிட்டாலே அது லைசென்ஸ் ஆகிவிடுமா? ஆகாது. இதற்கு ஒரு பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் இருந்த உடைமாற்றும் அறைகளை முடிதிருத்தும் தொழில் நடத்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். 1949-இல் எழுதிய அந்தப் பத்திரம் தன்னை லைசென்ஸ் என்றே சொல்லிக்கொண்டது. 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், பெயர் என்னவாக இருந்தாலும் அது லீஸ்தான் என்றார்கள். பத்திரத்தின் தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார். அந்த இடம் பிரத்யேகமாக அவர் வசம் கொடுக்கப்பட்டதா என்று பார். லீஸா லைசென்ஸா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இன்றைக்கும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

இதை வைத்து உங்க பேப்பரை நீங்களே சோதிக்கலாம். உங்களுக்கு மட்டுமான பூட்டு இருக்கிறதா, இல்லை அவங்க கொடுத்த ஆக்சஸ் கார்டு மட்டும்தானா? நீங்க இல்லாத நேரத்தில் அவங்க ஆள் உள்ளே வரலாமா? உங்களை வேறு சீட்டுக்கோ வேறு கேபினுக்கோ மாற்ற அவங்களுக்கு உரிமை இருக்கிறதா? மின்சார இணைப்பின் பில்லை யார் கட்டுகிறார்கள்? கார்டு அவங்களுடையது, ஆள் வரலாம், மாற்றலாம், பில் அவங்க கட்டுகிறார்கள் என்றால் அது உண்மையிலேயே லைசென்ஸ்தான். "பிரைவேட் கேபின்" என்று கண்ணாடிக் கதவில் உங்க பெயரை ஒட்டினாலும் நிலைமை மாறாது.

நாலில் எனக்கு முக்கியமாப் படுவது இடமாற்றம். நாலு பேருக்கான கேபின் என்று நம்பிப் போயிருப்பீங்க. ஒரு பெரிய கம்பெனி வந்து மொத்தத் தளத்தையும் கேட்டால், "சமமான வேறு இடம்" தருகிறோம் என்று உங்களை நகர்த்தலாம். சமம் என்பதை அளப்பது யார் என்று பேப்பரில் பார்த்தால், அவங்கதான்.

இன்னொரு கோணமும் நம்ம பக்கத்துக்கு ரொம்பப் பொருந்தும். ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாதித் தொழில் வாகன உதிரிபாகத்தைச் சுற்றித்தான். ஒரே கம்பெனிக்குக் கொட்டேஷன் போடுகிற இரண்டு வெண்டர்கள் அடுத்தடுத்த மேஜையில் உட்கார வாய்ப்பு உண்டு. போட்டிக்காரரை அதே தளத்தில் சேர்க்க மாட்டோம் என்று மெம்பர்ஷிப்பில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். உங்க வாடிக்கையாளரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டு டிராயிங் வாங்கியிருந்தால், பொது பிரிண்டரில் அதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான், இடம் கொடுத்தவர் இல்லை. வேலையின் தன்மை அப்படி என்றால், மாத வாடகை கொஞ்சம் கூடினாலும் பூட்டிக்கொள்ளும் அறைதான் சரி.

2. நோட்டீஸ்: யாருக்கு எத்தனை நாள்?

லீஸில் சட்டம் உங்களுக்குக் கீழே ஒரு வலை கட்டி வைத்திருக்கிறது. காலம் குறிப்பிடாமல், நோட்டீஸ் பற்றி எதுவுமே எழுதாமல் ஆபீஸ் ரூமை வாடகைக்கு எடுத்திருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு அதை மாதாந்தர வாடகையாக எடுத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் 15 நாள் நோட்டீஸ் என்கிறது. எழுதியிருந்தால் எழுதியபடி.

இதில் ஒரு பொறி உண்டு. "11 மாதம்" என்று மட்டும் எழுதி, நடுவில் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்ற வரியே இல்லாமல் பல ஒப்பந்தங்கள் போடுகிறார்கள். அப்படி இருந்தால் 11 மாதத்துக்கும் நீங்க கட்டுப்பட்டவர். உரிமையாளரும்தான். ஆக, நோட்டீஸ் வரி கட்டாயம் இருக்கணும்.

உரிமையாளர் காலி பண்ணச் சொல்லி நீங்கள் மறுத்தால், லீஸில் அவர் முறையான வழக்கு மூலம்தான் உங்களை வெளியேற்ற முடியும். கட்டிடத்தையே வேறொருவருக்கு விற்றாலும், வாங்கியவர் உங்க லீஸோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். 109-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

லைசென்ஸில் இந்த வலை கிடையாது. 60-ஆவது பிரிவுப்படி, சில விதிவிலக்குகள் போக, கொடுத்தவர் லைசென்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால், பொருட்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான நேரம் தரணும். உங்க தப்பு எதுவும் இல்லாமல், பணம் கட்டிய காலம் முடியும் முன்பே வெளியேற்றினால் நஷ்டஈடு கேட்கலாம். கவனிங்க, கேட்கக் கிடைப்பது நஷ்டஈடு, சீட் இல்லை. லீஸில் முதலில் வழக்கு, அப்புறம்தான் வெளியே. லைசென்ஸில் முதலில் வெளியே, அப்புறம் வேண்டுமானால் வழக்கு. ஒருநாள் காலையில் ஆக்சஸ் கார்டு வேலை செய்யாமல் போவதுதான் நடைமுறையில் இதன் அர்த்தம்.

அடுத்தது, நீங்கள் பார்க்காத ஒரு மேல் ஒப்பந்தம். பெரும்பாலான கோ-வொர்க்கிங் நிறுவனங்கள் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. அவர்கள் நீண்டகால லீஸில் எடுத்து, சீட் சீட்டாகப் பிரித்து நமக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய லீஸ் முடிந்தால் உங்க மெம்பர்ஷிப்பும் அதோடு முடியும். பேப்பரில் இது "எங்கள் மூல லீஸுக்கு உட்பட்டது" என்ற ஒற்றை வரியாக இருக்கும். அமெரிக்காவில் வீவொர்க் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது, தனக்குக் கட்டுப்படியாகாத லீஸ்களிலிருந்து விலகிப் பல இடங்களை மூடியது. அந்த இடங்களில் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்களும் வேறு இடம் பார்க்க வேண்டி வந்தது. (இந்தியாவில் அந்தப் பெயரில் நடப்பது தனி நிறுவனம், அந்த வழக்கு இங்கே வரவில்லை.) பெரிய பெயராக இருந்தாலும் உங்க பாதுகாப்பு அவங்க லீஸின் ஆயுள் வரைதான். "கட்டிட உரிமையாளரோடு உங்க லீஸ் எப்போ வரைக்கும்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நோட்டீஸில் கடைசியாக லாக்-இன். குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆகணும் என்ற நிபந்தனை. லாக்-இன்னும் நோட்டீஸும் வேறு வேறு. "12 மாத லாக்-இன், 2 மாத நோட்டீஸ்" என்றால் 10-ஆவது மாத முடிவில் நோட்டீஸ் கொடுத்து 12-ஆவது மாதம் வெளியே வரலாமா, இல்லை 12 முடிந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்க முடியுமா? இரண்டாவது என்றால் உண்மையில் அது 14 மாத ஒப்பந்தம். காலம் முடிந்ததும் தானாகவே அதே காலத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்ற வரியும் சில பேப்பர்களில் உண்டு. அந்த வரி இருந்தால் மொபைல் காலண்டரில் நோட்டீஸ் தேதியை இன்றே போட்டு வையுங்க.

3. அட்வான்ஸ்: கொடுக்கும்போது சுலபம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017-இல் இயற்றிய சட்டம் அது. அதன் 11-ஆவது பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்க பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரணும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். அதற்கான தளம் tenancy.tn.gov.in. 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்ற பழைய கணக்கு இந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது.

"வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற வார்த்தைகளைக் கவனிச்சீங்களா? ஆறு மாத அட்வான்ஸ் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று மாத வரம்பு உங்களைக் காப்பாற்றாது.

நம்ம ஏரியாவுக்கு இன்னொரு நுணுக்கம். இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி நகராட்சி. ஆனா மத்தூர் ஊராட்சிப் பகுதி. அங்கே எடுக்கும் ரூமுக்கு இந்தச் சட்டத்தின் அட்வான்ஸ் வரம்பையும் ஒரு மாதக் கெடுவையும் நம்பிக்கொண்டிருக்காதீங்க. சொத்து மாற்றுச் சட்டமும், நீங்க எழுதும் ஒப்பந்தமும்தான் துணை. அதனால் ஓசூரில் சட்டம் தானாகத் தரும் அந்த "ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும்" என்ற வரியை, மத்தூரில் நீங்களே பத்திரத்தில் எழுதி வாங்கிக்கணும்.

கோ-வொர்க்கிங்கில்? லைசென்ஸ் என்று அவங்க நிற்பதால், வாடகைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றுதான் சொல்வார்கள். சில பேப்பர்களில் டெபாசிட் என்ற சொல்லே இருக்காது, "சர்வீஸ் ரிடெய்னர்" என்று இருக்கும். திருப்பித் தரும் காலம், கழிக்கும் காரணங்கள் எல்லாமே அவங்க எழுதியதுதான். மூன்று இடங்களில் பணம் நிற்கும்.

முதலாவது, பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு: பெயின்ட், கார்பெட், சுத்தம் செய்தல். இதை ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக எழுதியிருந்தால், நீங்க சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் அது போகும். அதை டெபாசிட்டாக நினைக்காமல் செலவாகவே கணக்கில் எடுத்துக்குங்க.

இரண்டாவது, முகவரி. அந்த இடத்தின் முகவரியில் ஜிஎஸ்டி பதிவோ கம்பெனிப் பதிவோ எடுத்திருந்தால், அதை மாற்றிய ஆதாரம் காட்டும் வரை பணம் தர மாட்டோம் என்பது பொதுவான நிபந்தனை. அது நியாயமானதும்கூட. முகவரி மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் திருத்தம் கேட்கணும் என்று விதியும் இருக்கிறது. ஆனா புது இடத்துக்கான ஆவணம் இல்லாமல் திருத்த முடியாது. ஆக, அடுத்த இடத்தை முடிவு செய்துவிட்டு நோட்டீஸ் கொடுப்பதுதான் சரியான வரிசை.

மூன்றாவது, லாக்-இன் மீறினால் பறிமுதல். இங்கே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, மீறலுக்கு எழுதி வைத்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். நஷ்டமே ஆகாதபோது முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்க போன அடுத்த வாரமே அந்த கேபினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால், மீதி மாதங்களின் முழுத் தொகையையும் கேட்பது கடினம். அதனால் காலி செய்த பிறகு அந்த கேபின் எப்போது போனது என்று கவனித்து வையுங்க.

ஆனா உண்மை என்ன என்றால், பணம் ஏற்கெனவே அவங்க கையில் இருக்கிறது, வழக்குப் போட வேண்டியவர் நீங்க. பேப்பரில் "தகராறு என்றால் பெங்களூரு நீதிமன்றம்" என்றோ "பெங்களூரில் மத்தியஸ்தம்" என்றோ இருந்தால், 48,000 ரூபாய்க்காக மத்தூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி எத்தனை முறை போவீங்க? அந்த ஒரு வரியே டெபாசிட்டின் பாதி மதிப்பைக் குறைத்துவிடும். சீட் ஓசூரில் இருந்தால் கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றங்கள் என்று மாற்றச் சொல்லிக் கேளுங்க.

4. ஒரு கணக்கு

வேலையை விட்டுவிட்டு நீங்களும் மூன்று நண்பர்களும் டிசைன் டிராயிங் வேலை எடுத்துச் செய்யப் போறீங்க என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். மூன்று வழிகள் இருக்கின்றன. எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைத்த கொட்டேஷனை அதே இடத்தில் போட்டுப் பாருங்க. ஜிஎஸ்டியையும் போக்குவரத்துச் செலவையும் சேர்க்கவில்லை.

முதல் வழி, ஓசூரில் நாலு சீட் கேபின், மாதம் 24,000, 12 மாத லாக்-இன், டெபாசிட் 48,000. இரண்டாவது வழி, அதே கேபின் லாக்-இன் இல்லாமல், மாதம் 27,000, ஒரு மாத நோட்டீஸ், டெபாசிட் 27,000. மூன்றாவது வழி, மத்தூரில் ஒரு மாடி ரூம், வாடகை 10,000, அட்வான்ஸ் 60,000, இரண்டு மாத நோட்டீஸ். கரண்ட், இன்டர்நெட், சுத்தம் எல்லாம் மாதம் 6,000. மேஜை, நாற்காலி, யுபிஎஸ், வயரிங் என்று ஆரம்பச் செலவு 1,20,000. விற்றால் 50,000 தேறும், ஆக நஷ்டம் 70,000.

ஐந்தாவது மாத முடிவில் அந்த வாடிக்கையாளர் போய்விட்டார், நோட்டீஸ் கொடுக்கறீங்க. என்ன ஆகும்?

முதல் வழியில், பேப்பரில் உள்ளபடி 12 மாதமும் கணக்கு: 2,88,000. ஐந்து மாதத்துக்கு 1,20,000 கட்டியாச்சு. மீதி 1,68,000-இல் டெபாசிட் 48,000 போக இன்னும் 1,20,000 கேட்பார்கள். 74-ஆவது பிரிவைச் சொல்லிப் பேசிக் குறைக்கலாம், ஆனா 48,000 அவங்க கையில் இருக்க, பேச்சு அங்கேயிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது வழியில் நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்து ஆறு மாதம்: 1,62,000. டெபாசிட் திரும்பி வரும்.

மூன்றாவது வழியில் நோட்டீஸோடு ஏழு மாதம், மாதம் 16,000 வீதம் 1,12,000. அதோடு பொருட்களில் நஷ்டம் 70,000. மொத்தம் 1,82,000. அட்வான்ஸ் திரும்பி வரணும்.

இப்போ எல்லாம் நல்லபடியாகப் போய், சரியான நேரத்தில் நோட்டீஸ் கொடுத்து 12 மாதம் முடித்து வெளியே வந்தால்? முதல் வழி 2,88,000. இரண்டாவது 3,24,000. மூன்றாவது 1,92,000-உம் 70,000-உம் சேர்த்து 2,62,000.

என்ன தெரிகிறது? சீக்கிரம் வெளியேறினால், மாத வாடகை அதிகமான இரண்டாவது வழிதான் மலிவு. ஒரு வருஷம் தாண்டினால் சொந்த ரூம் மலிவு. "டிஸ்கவுன்ட்" என்று நம்மை இழுக்கும் முதல் வழி, இந்த எண்களில், இரண்டு சூழ்நிலையிலுமே முதலிடம் பெறவில்லை. லாக்-இன்னுக்காகக் கிடைத்த தள்ளுபடி வருஷத்துக்கு 36,000. அதற்காக நீங்க ஒப்புக்கொண்ட பொறுப்பு 2,88,000.

இந்த இரண்டு கோ-வொர்க்கிங் வழிகளும் சமமாகும் மாதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். லாக்-இன் மொத்தத் தொகையை லாக்-இன் இல்லாத மாதக் கட்டணத்தால் வகுங்க. 2,88,000-ஐ 27,000-ஆல் வகுத்தால் 10.67. அதாவது நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்து பத்து மாதத்துக்குள் வெளியேற வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்தால் லாக்-இன் வேண்டாம். பதினொன்றைத் தாண்டுவது உறுதி என்றால் எடுக்கலாம். ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கும்போது எது உறுதி என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாளில் கையிலிருந்து போகும் பணத்தையும் பாருங்க. டெபாசிட்டும் முதல் மாதமும் சேர்த்து முதல் வழிக்கு 72,000, இரண்டாவதுக்கு 54,000. மத்தூர் ரூமுக்கு அட்வான்ஸ், வாடகை, பொருட்கள் எல்லாம் சேர்த்து 1,90,000. இதைப் பர்சனல் லோன் வாங்கிப் போட வேண்டியிருந்தால், அந்த வட்டியும் மூன்றாவது வழியின் செலவுதான்.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு மெயில்

அச்சடித்த மெம்பர்ஷிப் படிவத்தை மாற்ற முடியாது என்று சேல்ஸ் ஆள் சொல்லலாம். படிவத்தை மாற்ற வேண்டாம், ஒரு மெயிலில் நாலு கேள்வி கேளுங்க. லாக்-இன் முடிவதற்குள்ளேயே நோட்டீஸ் கொடுக்கலாமா? கேபினை மாற்றினால் எனக்கு ஒப்புதல் இல்லாதபோது டெபாசிட் முழுவதையும் வாங்கிக்கொண்டு வெளியேறலாமா? டெபாசிட் எத்தனை நாளில், என்னென்ன கழித்துக்கொண்டு வரும்? கட்டிடத்தின் மேல் உங்க லீஸ் எந்த தேதி வரை? பதில் மெயிலையும் அந்த இரண்டு மெயிலையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. "எழுத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம், வாய்ப்பேச்சு செல்லாது" என்ற வரி பேப்பரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இணைப்பாகச் சேர்க்காத மெயிலையும் அந்த வரியைக் காட்டி ஒதுக்கிவிடலாம்.

மத்தூர் ரூமுக்கும் இதே கதைதான், கேள்விகள் மட்டும் வேறு. நடுவில் வெளியேற நோட்டீஸ் வரி, அட்வான்ஸ் திரும்ப வரும் தேதி, உள்ளே போகும் நாளில் எடுத்த போட்டோக்கள். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்க, குறிப்பில் "ஆபீஸ் அட்வான்ஸ்" என்று எழுதுங்க. லீஸில் சட்டம் உங்க பக்கம் கொஞ்சம் நிற்கும், ஆனா கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது நீங்கதான். லைசென்ஸில் சட்டம் நிரப்பித் தருவது ரொம்பக் குறைவு, பேப்பரில் எழுதி வாங்கியதுதான் உங்களிடம் இருக்கும்.